கைவீச்சும் நிமிர்ந்த உடலும்: ஓடும்போது நிஜமாகவே சக்தி மிச்சமாகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கையை வீசி ஓடினா எனர்ஜி மிச்சமாகும்னு சொல்றாங்க. கையை ஆட்டுறதுக்கே எனர்ஜி செலவாகுமே, அப்புறம் எப்படி மிச்சம்?

செலவாகும். ஆனால் ஆட்டாமல் இருந்தால் அதைவிடக் கூடுதலாகச் செலவாகும். இது அளந்து பார்க்கப்பட்ட விஷயம். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோபர் அரெயானோவும் ரோஜர் கிராமும் 13 பேரை டிரெட்மில்லில் ஓடவிட்டு, சுவாசக் காற்றை வைத்து உடல் செலவழிக்கும் சக்தியைக் கணக்கிட்டார்கள். முடிவு 2014இல் வெளியானது. வேகம் நொடிக்கு 3 மீட்டர், அதாவது கிலோமீட்டருக்கு சுமார் ஐந்தரை நிமிடம். நம்மில் பலர் ஓடும் வேகம்தான்.

வழக்கம்போல் கைவீசி ஓடியதோடு ஒப்பிட்டால், கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஓடியபோது செலவு 3 சதவீதம் கூடியது. மார்பின் குறுக்கே கட்டியபோது 9 சதவீதம். தலைமேல் வைத்தபோது 13 சதவீதம். கடைசி எண்ணில் ஒரு பங்கு, கையைத் தூக்கிப் பிடித்திருக்கும் உழைப்புக்கே போயிருக்கும். அதனால் கைவீச்சின் உண்மையான மதிப்பைச் சொல்ல முதல் எண்ணே நியாயமானது: குறைந்தது 3 சதவீதம்.

62 கிலோ எடையுள்ள ஒருவர் 10 கிலோமீட்டர் ஓடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு சுமார் 1 கலோரி என்பது ஓட்டக்காரர்கள் பயன்படுத்தும் தோராயக் கணக்கு. ஆக 620 கலோரி. அதில் 3 சதவீதம் சுமார் 19 கலோரி. சாப்பாட்டுக் கணக்கில் இது ஒரு வாய் இட்லி. ஆனால் நேரக் கணக்கில் அப்படியில்லை. அதே உழைப்பில் 60 நிமிடத்தில் முடிக்கும் ஓட்டம் கிட்டத்தட்ட இரண்டு நிமிடம் வரை நீளக்கூடும்.

கை தரையைத் தொடுறதே இல்ல. அது எப்படி காலுக்கு உதவும்?

வலது கால் முன்னால் பாயும்போது இடுப்பின் வலப்பக்கமும் கூடவே முன்னால் வருகிறது. உடல் இடப்பக்கமாகத் திருகப் பார்க்கிறது. அடுத்த அடியில் எதிர்ப்பக்கம். ஒரு காலின் எடை உடல் எடையில் ஆறில் ஒரு பங்கு இருக்கும். 62 கிலோ ஆளுக்குப் பத்து கிலோ. அந்தப் பத்து கிலோ நிமிடத்துக்கு 80, 85 தடவை முன்னும் பின்னும் வீசப்படுகிறது. இரண்டு காலும் காற்றில் இருக்கும் நேரத்தில் இந்தத் திருகலைத் தாங்கத் தரையின் உதவியும் கிடையாது. எதிர்த்திசையில் திரும்ப உடம்பிலேயே ஏதாவது ஒன்று வேண்டும். அதைத்தான் கைகள் செய்கின்றன. ஒரு கை மூன்று கிலோ சொச்சம்தான். ஆனால் தோளின் அகலத்தில் தொங்குவதால் அந்த எடை போதுமானதாகிறது.

கையைக் கட்டிவிட்டால் அந்த வேலை மேலுடம்பின் தலையில் விழுகிறது. மேலே சொன்ன ஆய்விலேயே, கைவீச்சு இல்லாதபோது தோள்களும் இடுப்பும் கூடுதலாகத் திருகியது பதிவானது. இதை நீங்களே உணரலாம். மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும்போது இரண்டு கைகளையும் மார்பில் கட்டிக்கொண்டு ஒரு நிமிடம் தொடருங்கள். பனியனின் தோள் தையல் இடமும் வலமும் வெட்டி வெட்டித் திரும்புவது தெரியும். பிறகு கையை விடுங்கள். அந்த வெட்டல் அடுத்த இரண்டு அடியிலேயே அடங்கிவிடும்.

அப்போ கையைப் பெருசா, வேகமா வீசினா இன்னும் மிச்சமாகுமா?

ஆகாது. இங்கேதான் பலர் வழி தவறுகிறார்கள். கையை இயக்குவதில் பெரும்பங்கு தோள் தசையுடையது அல்ல. கால் இடுப்பைத் திருப்புகிறது, இடுப்பு மேலுடம்பைத் திருப்புகிறது, மேலுடம்பு கையை ஆட்டுகிறது. ஹெர்மன் பான்ட்சரும் உடன் ஆய்வாளர்களும் 2009இல் வெளியிட்ட அளவீட்டில், தோளின் முன்பக்கத் தசையும் பின்பக்கத் தசையும் மாறி மாறி இழுக்காமல் ஏறத்தாழ ஒரே நேரத்தில் இறுகியதைப் பார்த்தார்கள். கையைத் தள்ளுவதாக இருந்தால் ஒன்றுவிட்டு ஒன்று வேலை செய்திருக்கும். இரண்டும் சேர்ந்து இறுகுவது, ஆடும் கையைச் சுருள்வில் மாதிரிப் பிடித்து நிறுத்தும் வேலை.

ஆக, கைவீச்சு காலுக்குப் பதில் சொல்வது. காலுக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு வீச்சு தானாக வரும். அதற்கு மேல் வலிந்து வீசினால், தேவையில்லாத திருகலை நீங்களே உண்டாக்கி, அதை அடக்க வயிற்றுத் தசையையும் சேர்த்து உழைக்க வைப்பீர்கள். ‘கையை வேகமாக்கு, கால் வேகமாகும்’ என்ற அறிவுரை மேடேறும்போதும் கடைசி 200 மீட்டரிலும் தாளம் பிடிக்க உதவலாம். 10 கிலோமீட்டர் முழுக்க அதைச் செய்தால் தோள்தான் வலிக்கும்.

முழங்கையை 90 டிகிரி மடக்கியே வச்சிருக்கணும்னு கோச் சொல்றார். கட்டாயமா?

மடக்குவது சரி, 90 என்ற எண்ணுக்குத் தனி மதிப்பில்லை. ஹார்வர்டில் ஆண்ட்ரூ யீகியனும் குழுவும் 8 பேரை வைத்து இதைச் சோதித்து 2019இல் வெளியிட்டார்கள். கையை மடக்கிக்கொண்டு நடந்தால் செலவு சுமார் 11 சதவீதம் கூடியது. ஓட்டத்திலோ மடக்கிய கைக்கும் நீட்டிய கைக்கும் சக்திச் செலவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. மடக்கினால் தோளுக்குக் குறையும் சுமை, மடக்கிய நிலையைக் காப்பாற்றும் முழங்கைக்குப் போய்விடுகிறது.

அதனால் 75 டிகிரியா 100 டிகிரியா என்று வருந்த வேண்டாம். முழங்கை ஒரே கோணத்தில் பூட்டிக் கிடக்கிறதா என்பதைத்தான் கவனிக்க வேண்டும். இயல்பான வீச்சில் கை பின்னால் போகும்போது கோணம் கொஞ்சம் விரியும், முன்னால் வரும்போது கொஞ்சம் குறுகும். கோணத்தைக் காப்பாற்றுவதற்காக முன்கையை இறுக்கினால், அந்த இறுக்கம் தோளைக் காதுவரை ஏற்றிவிடும்.

என் கை நெஞ்சைத் தாண்டிக் குறுக்கே போகுது. எப்படிச் சரி பண்றது?

முதலில், எவ்வளவு போகிறது என்று பாருங்கள். விரல்நுனி மார்பின் நடுக்கோட்டைத் தொட்டுத் திரும்புவது இயல்பு. மணிக்கட்டே நடுக்கோட்டைத் தாண்டி மறுபக்கம் போனால் கவனிக்க வேண்டும்.

ஓடத் தொடங்கியதும் வீடியோ எடுக்காதீர்கள். அப்போது எல்லோரும் அழகாக ஓடுவார்கள். 20 நிமிடம் ஓடிய பிறகு எடுக்க வேண்டும். போனை நொடிக்கு 120 ஃபிரேம் ஸ்லோ மோஷனில் வைத்து, இடுப்பு உயரத்தில் ஒருவரைப் பிடிக்கச் சொல்லுங்கள். ஒருமுறை நேர் எதிரே இருந்து, ஒருமுறை ஐந்தாறு மீட்டர் தள்ளிப் பக்கவாட்டிலிருந்து.

ஒரு மாதிரியை முழுதாகப் பார்ப்போம். அதே 62 கிலோ ஆள். முன்பக்க வீடியோவில் வலது மணிக்கட்டு மட்டும் நடுக்கோட்டைத் தாண்டுகிறது, இடது தாண்டவில்லை. வலது தோள் இடது தோளைவிட இரண்டு விரல் உயரத்தில் இருக்கிறது. கையைப் பார்த்தால் காரணம் பிடிபடும்: வலது கையில் போன். 200 கிராம்தான், ஆனால் நழுவாமல் பிடிக்க விரல் இறுகி, முன்கை இறுகி, தோள் ஏறி, பின்னால் போக வேண்டிய முழங்கை பின்னால் போகாமல் நின்றுவிடுகிறது. பின்னால் போக இடமில்லாத கை குறுக்கேதான் போகும். போனை இடுப்பு பெல்ட்டுக்கு மாற்றுவதே முதல் வேலை. அதன் பிறகும் பழக்கம் கொஞ்ச நாள் தங்கும். ஒவ்வொரு கிலோமீட்டர் முடிவிலும் 30 நொடி மட்டும் ‘முழங்கை பின்னால்’ என்று நினைத்துக்கொண்டு ஓடினால் போதும். கையை முன்னால் எங்கே கொண்டுபோவது என்று யோசிக்கவே வேண்டாம். முழங்கை விலா எலும்பை உரசிக்கொண்டு பின்னால் போனால், முன்னால் வரும் பாதை தானே நேராகும். மூன்று வாரம் கழித்து அதே இடத்தில், அதே 20ஆவது நிமிடத்தில் மறுபடி வீடியோ.

கையில் ஒன்றுமே இல்லாமலும் குறுக்கே போகிறது என்றால் பாதங்களைப் பாருங்கள். பாதம் ஒன்றின் பாதையில் இன்னொன்று விழுந்து, கயிற்றின்மேல் நடப்பதுபோல் ஓடுகிறீர்களா? அல்லது ஒரு கால் மட்டும் உள்பக்கமாக வீசி வருகிறதா? அப்படியானால் கை காலின் கோணலைச் சமன்செய்கிறது. அந்தக் கையை மட்டும் வலிந்து நேராக்கினால் திருகல் இடுப்புக்கு இறங்கும். அங்கே சரிசெய்ய வேண்டியது கால். பெரும்பாலும் இடுப்பின் பக்கவாட்டுத் தசை பலவீனமாக இருக்கும்.

மிச்சம் எவ்வளவு என்று கேட்டால்: கையை முழுதாகப் பின்னால் கட்டியதற்கே 3 சதவீதம்தான். ஆடிக்கொண்டிருக்கும் கையின் பாதையைத் திருத்துவதில் கிடைப்பது அதைவிடக் குறைவாகவே இருக்கும் என்பது எங்கள் கணிப்பு. தோள் வலியும் கழுத்து இறுக்கமும் போவதே இதில் கைமேல் கிடைக்கும் பலன்.

தண்ணி பாட்டிலைக் கையில் பிடிச்சு ஓடலாமா?

அரை லிட்டர் பாட்டில் என்றால் ஒரு கைக்கு அரைக் கிலோ கூடுதல். மூன்று கிலோ கைக்கு அது சின்ன எடை இல்லை. 250 மில்லி போதும் என்றால் அதையே எடுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கை மாற்றுங்கள். கைப்பட்டை உள்ள பாட்டிலானால் விரலை இறுக்க வேண்டியதில்லை. நீண்ட ஓட்டத்துக்கு இடுப்பு பெல்ட் மேல்.

நிமிர்ந்து ஓடணுமா, முன்னால சாய்ஞ்சு ஓடணுமா? ஆளுக்கொன்னு சொல்றாங்க.

நிமிர்ந்து, மிகச் சிறிய சாய்வோடு. இரண்டு தரப்பும் சொல்வது பாதி சரி. சாய்வு எந்த மூட்டிலிருந்து வருகிறது என்பதில்தான் குழப்பம்.

பக்கவாட்டு வீடியோவை, ஊன்றிய பாதத்துக்கு நேர் மேலே இடுப்பு வரும் ஃபிரேமில் நிறுத்துங்கள். காது, தோள், இடுப்பு மூன்றையும் இணைத்தால் ஏறத்தாழ ஒரே கோடு வர வேண்டும். அந்தக் கோடு செங்குத்திலிருந்து சில டிகிரி முன்னால் சாய்ந்திருந்தால் நல்லது. இடுப்பில் உடைந்து, அதற்கு மேலே மட்டும் முன்னால் மடிந்திருந்தால் அது சாய்வல்ல, குனிவு.

குனிவு ஏன் செலவு வைக்கிறது? தலை, கைகள், மேலுடம்பு எல்லாம் சேர்ந்தால் உடல் எடையில் பாதிக்கும் மேல். நிமிர்ந்திருந்தால் அது எலும்புகளின்மேல் அடுக்கி வைத்த சுமை. குனிந்தால், அதை விழாமல் பிடிக்கப் பிட்டத் தசையும் தொடையின் பின்தசையும் முதுகும் ஒவ்வொரு அடியிலும் இழுத்துப் பிடிக்க வேண்டும். குடத்தை இடுப்பில் அணைத்துச் சுமப்பதற்கும் கையை நீட்டிப் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம். 2024இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நிமிர்ந்து ஓடியதோடு ஒப்பிட்டால் தங்களால் முடிந்தமட்டும் முன்சாய்ந்து ஓடியவர்களுக்குச் சக்திச் செலவு சுமார் 8 சதவீதம் கூடியது. பிட்டத் தசையின் உழைப்பும் வெகுவாகக் கூடியது.

ஆனா சாய்ஞ்சா புவியீர்ப்பே நம்மை இழுத்துட்டுப் போகும், இலவச எனர்ஜின்னு சொல்றாங்களே?

சமதரையில் இலவசம் இல்லை. புவியீர்ப்பு கீழே மட்டும்தான் இழுக்கும், முன்னால் இழுக்காது. முன்னால் சாய்ந்து ‘விழும்போது’ உடல் கொஞ்சம் கீழே இறங்குகிறது, அதிலிருந்து வேகம் கிடைப்பதுபோல் தோன்றுகிறது. ஆனால் அடுத்த அடிக்கு உடலை அதே உயரத்துக்குத் திரும்ப ஏற்றியாக வேண்டும். இறங்கியதில் வந்த வரவு ஏற்றுவதில் செலவாகிவிடும். இறக்கத்தில் ஓடும்போது மட்டுமே இது நிஜமான வரவு.

சிறு சாய்வுக்கு வேறொரு பயன் உண்டு. பாதம் உடலுக்கு வெகுதூரம் முன்னால் போய் விழுவதை அது தடுக்கும். தூரத்தில் விழும் பாதம் பிரேக் போடுவதற்குச் சமம். அந்தப் பயனுக்குச் சில டிகிரியே போதும்.

நெஞ்சை நிமிர்த்தி ஓடச் சொன்னாங்க. அப்படி ஓடினா அடிமுதுகு வலிக்குது.

பள்ளி அணிவகுப்பில் ‘அட்டேன்ஷன்’ நிற்பதுபோல் நெஞ்சைத் தள்ளுகிறீர்கள். அப்போது விலா எலும்புக்கூடு முன்னால் தூக்கி, அடிமுதுகு வில்லாக வளைந்து, இடுப்பு முன்புறம் கவிழ்கிறது. வெளியே பார்க்க நிமிர்ந்தமாதிரி இருக்கும். பாதமோ முன்பைவிடத் தூரமாக விழும்.

தலையில் தண்ணீர்க் குடம் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். குடத்தைச் சுமப்பவர் நெஞ்சைத் தள்ள மாட்டார், கழுத்தை மேல்நோக்கி நீட்டுவார். பார்வை 15, 20 மீட்டர் முன்னால் தரையில் இருக்கட்டும். சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு முழு மூச்சை வெளியே விடுங்கள். விலா எலும்புகள் கீழே இறங்கி வயிறு லேசாக இறுகினால் சரி. இறங்க மறுத்தால் இன்னும் நெஞ்சைத் தூக்கித்தான் வைத்திருக்கிறீர்கள்.

எனக்கு முட்டி வலி. பிசியோ கொஞ்சம் முன்னால சாயச் சொல்றார். நீங்க நிமிரச் சொல்றீங்க?

உங்கள் பிசியோ சொல்வதைக் கேளுங்கள். முட்டிச் சில்லுக்குப் பின்னால் வரும் வலிக்கு அதில் நியாயம் இருக்கிறது. டெங், பவர்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2014இல், 24 பேரிடம் மேலுடம்பின் சாய்வை மட்டும் மாற்றிப் பார்த்தார்கள். முன்னால் சாய்ந்தபோது முட்டிச் சில்லு மூட்டின் மீதான அழுத்தம் குறைந்தது, பின்னால் நிமிர்ந்தபோது கூடியது. முட்டிக்குக் குறையும் சுமை இடுப்புத் தசைகளுக்கு மாறுகிறது. சக்தி கொஞ்சம் கூடுதலாகச் செலவானாலும், வலியோடு ஓடாமல் நிற்பதைவிட அது நல்ல வியாபாரம். அப்போதும் முதுகைக் கூனாக்காமல், முதுகு நேராக இருக்கச் சாயுங்கள். வலி அடங்கியபின் எவ்வளவு குறைப்பது என்று அவரிடமே கேளுங்கள்.

முதல்ல நல்லாத்தான் ஓடுறேன். கடைசி மூணு, நாலு கிலோமீட்டர்ல கூன் விழுந்துடுது.

இது ஞாபகமறதி இல்லை, தசைக் களைப்பு. அந்த நேரத்தில் ‘நிமிரு நிமிரு’ என்று சொல்லிக்கொண்டால் பத்து அடிக்கு நிமிர்வீர்கள், மறுபடி விழும். பிட்டத் தசையும் முதுகின் நீளத் தசைகளும் அத்தனை நேரம் தாங்கப் பழக வேண்டும். வாரத்துக்கு இரண்டு நாள், ஒற்றைக் காலில் நின்று இடுப்பிலிருந்து குனிந்து எழும் பயிற்சி காலுக்கு 8 முறை வீதம் மூன்று சுற்று, பிளாங்க் 30 நொடி வீதம் மூன்று சுற்று. இவ்வளவில் தொடங்கலாம், பலன் தெரிய ஆறு, எட்டு வாரம் ஆகும். ஓட்டத்தின் நடுவே செய்ய ஒன்று உண்டு. இரண்டு கைகளையும் ஐந்து நொடி கீழே தொங்கவிட்டு உதறுங்கள். தோள் இறங்கினால் மேல்முதுகு பாதி நிமிர்ந்துவிடும்.

எனக்கு மிச்சமாகுதான்னு வாட்ச்ல ஹார்ட் ரேட் பார்த்துக் கண்டுபிடிக்கலாமா?

பெரிய வித்தியாசத்தைப் பிடிக்கலாம், சின்னதைப் பிடிக்க முடியாது. ஒரே வேகத்தில் ஓடினாலும் சூடு ஏற ஏற இதயத் துடிப்பு தானாகவே கூடிக்கொண்டு போகும், அதுவும் நம் ஊர் வெக்கையில். காலையில் முதல் சுற்றில் 148, அரை மணி கழித்து 154 என்றால், அந்த ஆறு துடிப்பும் வெயிலின் கணக்கு. மூன்று சதவீத மாற்றம் அதற்குள் மறைந்துவிடும்.

முயன்று பார்க்க விரும்பினால் டிரெட்மில்லில், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் செய்யுங்கள். பத்து நிமிட வார்ம் அப். பிறகு ஆறு நிமிடம் பழைய முறை, ஆறு நிமிடம் புதிய முறை, ஆறு நிமிடம் புதிய முறை, ஆறு நிமிடம் பழைய முறை. ஒவ்வொன்றிலும் கடைசி இரண்டு நிமிடச் சராசரியை மட்டும் எடுங்கள். பழைய முறை முதலிலும் கடைசியிலும் வருவதால், சூட்டினால் ஏறும் துடிப்பு இரண்டு பக்கமும் சமமாகப் பங்காகிவிடும். மூன்று வெவ்வேறு நாளில் செய்து, மூன்று நாளும் ஒரே பக்கம் காட்டினால் நம்பலாம். ஆய்வகத்தில் இதயத் துடிப்பை நம்பாமல் ஆக்சிஜனை அளப்பது இதனால்தான்.

புதிய முறை முதல் நாளில் கூடுதல் துடிப்பு காட்டினால் அது தவறான முறை என்று முடிவு கட்ட வேண்டாம். தன் அசைவையே கவனித்துக்கொண்டு ஓடினால் செலவு கூடும் என்பது 2009இல் லிண்டா ஷூக்கரும் உடன் ஆய்வாளர்களும் காட்டியது. சுற்றுப்புறத்தைப் பார்த்துக்கொண்டு ஓடியபோதுதான் அதே ஆட்களுக்கு ஆக்சிஜன் குறைவாகத் தேவைப்பட்டது. ஒரு கிலோமீட்டருக்கு 30 நொடி மட்டும் திருத்தத்தை நினையுங்கள் என்று மேலே சொன்னதும் இதற்காகத்தான்.

பெரிய வீரர்களே கோணல்மாணலா ஓடுறாங்களே. பவுலா ராட்கிளிஃப் தலையை ஆட்டிக்கிட்டே ஓடலையா?

ஓடினார். அந்தத் தலையாட்டலோடுதான் 2003இல் லண்டனில் 2 மணி 15 நிமிடம் 25 நொடியில் மாரத்தான் ஓடிப் பெண்களுக்கான உலக சாதனை படைத்தார். எத்தியோப்பியாவின் ஹைலே கெப்ரிசெலாசியின் இடது கை, புத்தகத்தை இடுக்கிக்கொண்டதுபோல் உடம்போடு ஒட்டியே இருக்கும். சிறு வயதில் புத்தகத்தோடு பத்து கிலோமீட்டர் ஓடிப் பள்ளிக்குப் போன பழக்கம் என்று சொல்லப்படும். அந்தக் கையோடு இரண்டு ஒலிம்பிக் தங்கம்.

பல ஆண்டுகள், பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடி உடம்பே கண்டுபிடித்த சமநிலை அது. உங்கள் கோணலால் வலி இல்லை, களைத்தபோதும் அது கூடவில்லை என்றால் அதைத் தொடாதீர்கள்.

100 மீட்டர் ஓட்டத்துக்கும் இதே கணக்குதானா?

இல்லை. அங்கே சக்தியை மிச்சம் பிடிக்கும் கேள்வியே எழாது, முழு வேகம் மட்டும்தான். ஆனால் அங்கும் கையின் பங்கு நாம் நினைப்பதைவிடச் சிறியது. 2022இல் வெளியான ஆய்வில், கைகளை மார்பில் கட்டிக்கொண்டு 30 மீட்டர் முழு வேகத்தில் ஓடியவர்கள் சுமார் 1.6 சதவீதம் மட்டுமே பின்தங்கினார்கள். நேரத்தில் ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பந்தயத்தில் அது பதக்கத்தையே மாற்றும் இடைவெளி என்பதால் வேக ஓட்டக்காரர்கள் கைப்பயிற்சியை விடக் கூடாது. நிமிரும் நேரமும் அங்கே வேறு: பிளாக்கிலிருந்து கிளம்பும்போது உடல் நன்றாகச் சாய்ந்திருக்கும், வேகம் ஏற ஏறப் படிப்படியாக நிமிரும். முதல் மூன்று அடியிலேயே நிமிர்ந்தால் தள்ளும் விசை முன்னோக்கிப் போகாமல் மேல்நோக்கி வீணாகும்.